பை வாங்கினால் கையெழுத்து

மேசையம்மாவைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறவர்கள் ஒரு வகை. "நான் யாருன்னு தெரியுமா?" என்று கேட்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினருக்கு அவள் இருபத்திரண்டு வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறாள்.

"தெரியாததாலதாங்க கையெழுத்து கேக்குறேன்."

மாநாட்டு மண்டபத்தின் வாசலில் பதிவு மேசை போடுவது அவள் தொழில். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு; அது அவளுடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் எல்லாம் மேசையம்மாதான். பல் மருத்துவர்கள் மாநாடு ஒன்றில் அக்கா மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் மாற்றாளாக வந்து உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை. அந்த மண்டபத்தின் எலெக்ட்ரீஷியனைத்தான் கல்யாணமும் செய்துகொண்டாள். மேசைக்கு அடியில் அவர் இழுத்துவைத்த ஒயரில் கால் தடுக்கி விழுந்து, எழுந்து, வாய்க்கு வந்தபடி திட்டியதில் தொடங்கிய குடித்தனம் அது. திட்டு இன்னும் ஓயவில்லை, குடித்தனமும் நன்றாகவே போகிறது.

அவள் மேசைக்கென்று சட்டதிட்டங்கள் உண்டு. வருகிறவர்களின் பட்டியல் பெரிய எழுத்தில் அச்சாகி மூன்று பிரதி இருக்க வேண்டும். பேனா பச்சை மையாக இருக்க வேண்டும். பச்சைப் பேனாவை யாரும் மறந்துபோய்ச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாநாட்டுப் பையை வாங்குகிறவர் தன் பெயருக்கு நேரே கையெழுத்தும் நேரமும் போட்டுவிட்டுத்தான் பையைத் தொட வேண்டும். ஒரு தடவை ஓர் இதய நிபுணர் ஒன்பது பைகளை அள்ளிக் காரில் போட்டுக்கொண்டு போனார். ஒன்பது இதயம் இருந்ததோ என்னவோ. அன்றிலிருந்து வந்த விதி இது.

முதலாளிக்கு இந்த விதியைக் கண்டால் எரிச்சல். பெரியவர் இருந்தவரை ஒன்றும் இல்லை. அவர் மகன் சின்னவர் நாற்காலியில் ஏறியதும் எல்லாமே மெஷின் என்று ஆகிவிட்டது. பள்ளிச் சீருடையில் மண்டபத்துக்கு வந்து மிச்சமான பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்த பிள்ளைதான் சின்னவர். அதனால் அவள் இன்றைக்கும் அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறாள். அவருக்கு அதுவும் எரிச்சல்.

போன வருடம் செவிலியர் சங்க மாநாட்டுக்கு அவர் விரல்ரேகை மெஷின் கொண்டுவந்தார். நர்ஸுகளுக்கு! நாளொன்றுக்கு அறுபது தடவை சோப்பிலும் ஸ்பிரிட்டிலும் கை கழுவுகிற ஜனங்களுக்கு! அவர்கள் விரலில் ரேகை தேய்ந்து, தோல் வறண்டு வெடித்துக் கிடக்கும் என்பது ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டவனுக்குக்கூடத் தெரியும். சின்னவருக்குத் தெரியவில்லை. பத்துப் பேரில் மூன்று பேருடைய விரலை மெஷின் ஏற்கவில்லை. "அழுத்தி வைங்க, தொடச்சிட்டு வைங்க, ஊதிட்டு வைங்க" என்று அரை நாள் போயிற்று. கடைசியில் மேசையம்மா பச்சைப் பேனாவை எடுத்தாள். வரிசை நகர்ந்தது.

"இப்பவாச்சும் புத்தி வந்துச்சா தம்பி?" என்று கேட்டாள்.

வந்தது. இந்த வருடம் அதே மாநாட்டுக்கு முகத்தைப் பார்க்கும் மெஷின் வாங்கும் அளவுக்கு வந்தது.

அதை விற்க வந்தவனுக்கு மேசையம்மா வைத்த பெயர் தொண்ணூத்தொம்பது. இறுக்கமான கோட்டு, கூர்மையான ஷூ. 'தொண்ணூற்றொன்பது புள்ளி ஏழு சதவீதம் துல்லியம்' என்பதை அவன் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் சொல்வான்.

"எத்தன பேரு வர்றாங்க, தெரியுமா?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டாயிரத்து அறுநூறு, மேடம்."

"உங்க கணக்குப்படியே பாத்தாலும் ஏழெட்டுப் பேருக்குத் தப்பாச் சொல்லும். அந்த ஏழெட்டுப் பேரு எங்க போவாங்க?"

"அது வந்து மேடம், லேப்ல டெஸ்ட் பண்ணும்போது..."

"லேப்ல வெளிச்சம் எப்படி இருந்துச்சு? இங்க காலையில வாசக் கண்ணாடி வழியா வெயில் நேரா அடிக்கும். ஆளு வெறும் நிழலாத்தான் தெரியும்."

தொண்ணூத்தொம்பது சின்னவரைப் பார்த்தான். சின்னவர் கூரையைப் பார்த்தார்.

அவள் விடவில்லை. மெஷின் வேண்டாம் என்கிறவர்களுக்கு வேறு வரிசை உண்டா என்று கேட்டாள். பதிவு செய்தவர் கைப்பேசிக்கு க்யூ.ஆர். என்கிற கட்டக் குறி ஒன்று அனுப்பினால், அதை வாசலில் காட்டி, அடையாள அட்டைப் படத்தோடு முகத்தைக் கண்ணால் ஒத்துப் பார்த்து உள்ளே விட்டுவிடலாம். குறி தொலைந்தால் இன்னொன்று கொடுக்கலாம். "மூஞ்சி வெளியில போயிடுச்சுன்னா வேற மூஞ்சி குடுப்பீங்களா?" என்றாள். கட்டக் குறி ஏற்கெனவே எல்லோர் கைப்பேசிக்கும் போயிருந்தது. அதைப் படிக்கிற கருவியும் அவள் மேசை இழுப்பறையில் இருந்தது. ஆனால் தனி வரிசை வைத்தால் வாசலின் 'லுக்' கெட்டுப்போகும் என்று சின்னவர் சொல்லிவிட்டார். வாசலில் நிற்கிற மனிதர்களை விட வாசல் அழகாக இருக்க வேண்டும். பைக்கான கையெழுத்தையும் நிறுத்தச் சொன்னார். மேசையம்மா காதில் வாங்காதவள் போல அட்டைப்பெட்டியிலிருந்து பச்சைப் பேனாக்களை எடுத்து அடுக்கினாள்.

சங்கத்தின் செயலாளருக்கு மட்டும் மெஷின் மேல் தனி ஆசை. செவிலியர் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; அதற்கு இத்தனை மணி நேரம் மாநாட்டிலோ பயிற்சியிலோ உட்கார்ந்திருந்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். சிலர் வராமலே தோழியை விட்டுக் கையெழுத்துப் போடவைத்தார்கள். அதை மேசையம்மாவும் மறுக்கவில்லை. அட்டையைப் பார்க்காமல் அவசரத்தில் விட்ட இடங்களில் அது நடந்திருக்கிறது. ஆள்மாறாட்டம் செய்து பிடிபட்டால் இரண்டு வருடம் பதிவு கிடையாது என்று செயலாளர் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார். பதிவு இல்லாத நர்ஸ் வார்டுக்குள் கால் வைக்க முடியாது. இப்படிப்பட்ட விதியை வைத்துக்கொண்டு அதற்குக் காவலாக ஒரு மெஷினை நிறுத்தினார், மகானுபாவர்.

மாநாட்டின் முதல் நாள் காலை ஏழே முக்காலுக்கே வரிசை தெரு முனை வரை போய்விட்டது. மேசையம்மா சொன்ன வெயில் சொன்னபடியே வந்து கண்ணாடியில் அடித்தது. மெஷின் ஒவ்வொருவரையும் மூன்று தடவை நிறுத்தி "மீண்டும் முயலவும்" என்றது. செயலாளர் கத்தினார். சின்னவர் தொண்ணூத்தொம்பதைப் பார்த்தார். தொண்ணூத்தொம்பது மெஷினின் முதுகுப் பக்கம் குனிந்து எதையோ தட்டினான். அதற்கப்புறம் பச்சை விளக்கு மளமளவென்று எரியத் தொடங்கியது.

"என்ன பண்ணீங்க?" என்று மேசையம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மேடம். மேட்ச் மார்க் எம்பதுல இருந்துச்சு, அறுபதாக்கிட்டேன்."

அதாவது, ஒரு முகமும் பதிவில் இருக்கிற படமும் நூற்றுக்கு எண்பது ஒத்துப்போனால்தான் ஆள் இவர் என்று சொல்லிக்கொண்டிருந்த மெஷின், இனிமேல் அறுபது ஒத்துப்போனாலே சொல்லிவிடும். அதுவும் இரண்டாயிரத்து அறுநூறு படங்களுக்குள் தேடி, கிட்டத்தில் இருப்பதைப் பிடித்து நீட்டும். பரீட்சையில் பையன் தேறவில்லை என்றால் தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிற வாத்தியார் வேலை. வரிசை வேகமாகப் போனது. சின்னவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

எட்டு ஐம்பதுக்கு ஒரு பெண் வந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. இரவு டியூட்டி முடித்து நேராக வந்திருந்தாள். முகக்கவசம் அழுத்திய தடம் மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்திருந்தது. மெஷின் முன் நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில், 'ஏற்கெனவே நுழைந்தவர். 8:12.'

"இல்லையே, நான் இப்பத்தான வர்றேன்" என்றாள், மெஷினைப் பார்த்தே.

செயலாளர் பாய்ந்து வந்தார். ஒரு வாரமாக அவர் காத்திருந்த தருணம் அதுதான்.

"மாட்டுனீங்களா! உங்க பேர்ல ஒரு ஆளு எட்டேகாலுக்கே உள்ள போயாச்சு. நீங்க இப்ப வந்து நிக்கிறீங்க. யாரம்மா அது? ஃபிரெண்டா?"

"சார், எனக்கு யாரையும் தெரியாது. இந்தாங்க என் அட்டை."

"அட்டை யார்கிட்ட வேணாலும் இருக்கும். மெஷின் பொய் சொல்லுமா?"

"சார், எனக்கு இந்த மாசம் புதுப்பிக்கணும். இந்த ரெண்டு நாள் கணக்கு இல்லன்னா வேலைக்கே போக முடியாது. வீட்டுல நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன்."

"அதெல்லாம் முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. இரவெல்லாம் யாரோ ஒருவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை, காலையில் ஒரு டப்பா திருடி என்கிறது, அதை ஒரு பெரிய மனிதர் ஆமோதிக்கிறார். மேசையம்மாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து வந்தாள்.

"சிஸ்டர், இப்படி வந்து உக்காருங்க. தண்ணி குடிங்க. சார், எட்டு பன்னெண்டுக்கு உள்ள போன ஆளோட படத்த மெஷின் எடுத்திருக்கும்ல? அதத் தொறந்து காட்டச் சொல்லுங்க."

தொண்ணூத்தொம்பது குறுக்கே வந்தான். "அது முடியாது மேடம். பிரைவசி. ஒருத்தர் படத்த இன்னொருத்தருக்குக் காட்டக் கூடாது."

மேசையம்மா சிரித்தே விட்டாள். "ரெண்டாயிரத்து அறுநூறு பேரு மூஞ்சிய ஒரு வார்த்த கேக்காம அள்ளிட்டு வந்தப்ப இந்த பிரைவசி எங்க போயிருந்துச்சு, ஊருக்கா?"

"கேட்டோம் மேடம். படிவத்துல சம்மதம் இருக்கு."

"நான் எப்ப சம்மதிச்சேன்?" என்று நர்ஸ் தலையைத் தூக்கினாள். "அட்டைக்குன்னுதான போட்டோ கேட்டாங்க?"

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதன் பக்கத்திலிருந்த கட்டத்தில் சம்மதக் குறியை அவர்களே போட்டு வைத்திருந்தார்கள். எடுக்க விரும்புகிறவர் தேடிக் கண்டுபிடித்து எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர் சம்மதமாம். தூங்குகிறவன் தலை ஆடினால் 'சரின்னுட்டான்' என்று எழுதிக்கொள்கிற கூட்டம்.

படத்தைக் காட்ட அவன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. மேசையம்மாவும் அதற்காக மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கவில்லை. பை வாங்கியவர்களின் கையெழுத்துப் பட்டியலை எடுத்துவந்து மெஷினின் தலையில் விரித்தாள்.

"சரி. உங்க மெஷின்ல இதுவரைக்கும் வரலன்னு இருக்கிற பேரையெல்லாம் படிங்க. நான் இதுல பாக்குறேன்."

அவன் வேண்டாவெறுப்பாகப் படித்தான். மெஷினைப் பொறுத்தவரை இன்னும் வராதவர்களில் ஆறு பேர், பை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். மேசையம்மாவின் பச்சை மை அவர்களுடைய நேரத்தோடு சொன்னது. ஆறில் ஒருவர் பை வாங்கிய நேரம் எட்டு பதினான்கு. வாசலிலிருந்து பை மேசைக்கு நடந்துவர இரண்டு நிமிடம்.

ஒலிபெருக்கியில் கூப்பிட்டதும் அந்த அம்மாள் கையில் காபிக் கோப்பையோடு வெளியே வந்தார். அறுவை அரங்கத்து நர்ஸ், ஐம்பது வயது. வட்ட முகம், கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி. உட்கார்ந்திருந்த இளைய நர்ஸுக்கும் அதே போல வட்ட முகம், அதே போலக் கண்ணாடி. மனிதக் கண்ணுக்கு இருபது வயது வித்தியாசம் தெரியும். அறுபது மார்க் மெஷினுக்குத் தெரியவில்லை.

"ஆமா, திரையில வேற பேரு வந்துச்சு" என்றார் அந்த அம்மாள். "பச்ச லைட்டு எரிஞ்சுதேன்னு உள்ள போயிட்டேன். எரியிற பச்ச லைட்டுகிட்ட யாரு போயி சண்ட போடுவா? பின்னாடி அவ்ளோ கூட்டம்."

"உங்க பேருக்கு எந்த போட்டோ குடுத்தீங்க?" என்று மேசையம்மா கேட்டாள்.

அந்த அம்மாள் கொஞ்சம் நெளிந்தார். "அது... வேலைக்குச் சேந்த புதுசுல எடுத்தது. அதுலதான் நான் நல்லா இருப்பேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சொந்தப் பழைய படத்தோடு ஒத்துப்போகாத முகம், யாரோ ஒருத்தியின் புதுப் படத்தோடு ஒத்துப்போயிருக்கிறது. கதை அவ்வளவுதான். செயலாளர் "சரி சரி, உள்ள போம்மா" என்று இளைய நர்ஸிடம் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அவருடைய அகராதியில் அச்சாகாத பக்கம்.

மேசையம்மா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கணவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, அந்தப் பக்கம் ஒரு ஒயர் இழுங்க. இன்னொரு மேசை போடணும்."

"சின்னவர் கத்துவாரே?"

"கத்தட்டும். உங்க வாய்க்கா வலிக்குது?"

கட்டக் குறிக்கான வரிசை பத்து நிமிடத்தில் திறந்தது. குறியைக் காட்டு, அட்டைப் படத்தைப் பார், பைக்குக் கையெழுத்துப் போடு. கைப்பேசி இல்லாதவர்களுக்கும் பாட்டரி தீர்ந்தவர்களுக்கும் பட்டியலும் பேனாவும் இருந்தன. மதியத்துக்குள் வரிசை முழுக்க அங்கே வந்துவிட்டது. இரண்டாம் நாள் பை கிடையாது; ஆனாலும் எல்லோரும் அதே பட்டியலில் மறுபடி கையெழுத்தும் நேரமும் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். காலையில் மெஷின் முன்னால் யாரும் நிற்கவில்லை. சின்னவர் மட்டும் ஒருமுறை போய் நின்றார். மீண்டும் முயலச் சொன்னது.

ஆனால் செயலாளர் பிடிவாதம் தளரவில்லை. பதிவுக் குழுவுக்குப் போகும் வருகைக் கணக்கு மெஷினிலிருந்துதான் போகும், அதைத்தான் குழுத் தலைவரிடம் வாய் கிழியச் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். கட்டக் குறி வரிசையில் வந்தவர்களை அதில் ஏற்றிக்கொள்ளலாமாம். இளைய நர்ஸின் பெயருக்கு நேரே மட்டும் 'இரட்டை நுழைவு, சந்தேகம்' என்று சிவப்பில் நின்றது. இரண்டாம் நாள் மதியம் அவள் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, அந்தச் சிவப்ப எடுக்கச் சொல்லுங்க. என் மூஞ்சியையும் அதுல இருந்து எடுத்துரச் சொல்லுங்க. என்னோடது மட்டுமில்ல, எல்லாருதும்."

மேசையம்மா தொண்ணூத்தொம்பதைப் பிடித்துக் கேட்டாள். அவன் மெஷினைத் தட்டினான். அரை நிமிடத்தில் நிமிர்ந்தான்.

"முடிஞ்சுது மேடம். சிவப்பும் போச்சு, எல்லார் டேட்டாவும் அழிச்சாச்சு. ஒரு மூஞ்சிகூட இல்ல. வருகைக் கணக்கு மட்டும் தனியா இருக்கு."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தான். அவனுடைய கையெழுத்து மட்டும் தொண்ணூற்றொன்பது புள்ளி ஏழு அழகாக இருந்தது.

மாலை ஐந்துக்கு மாநாடு முடிந்தது. செயலாளர் வாசலில் நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டு வழியனுப்பிக்கொண்டிருந்தார். வெளியே போகும் வழி மெஷின் பக்கமாகத்தான். இளைய நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதைத் தாண்டினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. திரையில் 'வருக' என்று வந்தது. கீழே பெயரும் வந்தது. அவளுடைய பெயர் இல்லை. அறுவை அரங்கத்து அம்மாளின் பெயர்.

நர்ஸ் நின்றுவிட்டாள். செயலாளரின் கும்பிட்ட கை பாதியில் நின்றது.

மேசையம்மா எழுதி வாங்கிய தாளை மெதுவாகப் பிரித்தாள். "ஒரு மூஞ்சிகூட இல்லன்னு போட்டிருக்கு. அப்புறம் யாரப் பாத்து வருகன்னு சொல்லுது, காத்தையா?" என்றாள். "சார், நான் சொல்றேன் கேளுங்க. வாய மூடுறதுக்காக இந்த சிஸ்டரோடத மட்டும் அழிச்சிருக்காரு. மத்த ரெண்டாயிரத்துச் சொச்சம் பேரு உள்ளயே இருக்காங்க. இவங்க படம் இல்லன்னதும் இருக்கிறதுல கிட்டத்துல எது வருதோ அதப் புடிச்சு ஒட்டுது. அந்தம்மா சின்ன வயசுப் படம்தான் சிக்கியிருக்கு. சிவப்பு எப்படிப் போச்சுன்னும் பாருங்க. இவங்க வந்த கணக்கையே தூக்கிட்டிருப்பாரு."

செயலாளர் மெஷினிலிருந்து எடுத்த அச்சுத் தாள்களைப் புரட்டினார். பெயர் இல்லை. இரண்டு நாளும் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள், அந்தக் கணக்கில் மாநாட்டுக்கே வரவில்லை.

தொண்ணூத்தொம்பது வாயைத் திறந்தான். "மேடம், அது வந்து, டெக்னிக்கலா..."

"என்னங்க!" என்று மேசையம்மா கணவரைக் கூப்பிட்டாள். அவர் எதுவும் கேட்கவில்லை. ஒயரை உருவினார். திரை செத்தது. "சார் முன்னாடி உக்காந்து எல்லாத்தையும் அழிச்சுக் காட்டிட்டு, அப்புறமா டெக்னிக்கலாப் பேசுங்க. அதுவரைக்கும் இந்த டப்பா இங்கயேதான் இருக்கும்."

சின்னவர் வெயில் அடங்கிவிட்ட கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்க அதில் ஒன்றும் இல்லை, அவர் முகத்தைத் தவிர.

செயலாளர் தொண்டையைச் செருமினார். நர்ஸைப் பார்க்க முடியவில்லை, மேசையைப் பார்த்தார்.

"ஏம்மா... அந்தக் கையெழுத்துப் பட்டியல்... ரெண்டு நாளும் இருக்கில்ல? அதையே குழுவுக்கு அனுப்பிடலாம். குடும்மா."

மேசையம்மா தாள்களைத் தட்டிச் சீராக்கினாள். இளைய நர்ஸின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்து, முதலில் அவளுக்குத்தான் காட்டினாள். பச்சை மையில், தூக்கக் கலக்கத்தில் கொஞ்சம் கோணலான கையெழுத்து; இரண்டு நாளும், நேரத்தோடு. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நாலு பேர் பார்க்கிறார்களே என்று நினைக்காமல், மேசையம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"குடும்மா" என்றார் செயலாளர் மறுபடியும்.

மேசையம்மா கையை விடுவித்துக்கொள்ளாமலே, இன்னொரு கையால் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்குங்க."

"நான் யாருன்னு..." என்று தொடங்கியவர், அங்கேயே நிறுத்திக்கொண்டார். குனிந்து கையெழுத்துப் போட்டார். நேரமும் போட்டார்.